கெஞ்சும் முகமும் கேட்கப்படும் பொருளும்

யாங்கூன் தமிழ்க் குடும்பங்களின் வைபர், மெசஞ்சர் குழுக்களில் அடிக்கடி தலைதூக்குகிற ஒரு சச்சரவு இந்த 🥺 முகத்தைப் பற்றியது. சித்தப்பா தலைமுறைக்கு இது அழுமூஞ்சி. "எதுக்கெடுத்தாலும் ஏன் இந்தப் பிள்ளைங்க கெஞ்சுதுங்க? நாம என்ன குடுக்காமலா வச்சிருக்கோம்?" என்று அவர்கள் நொந்துகொள்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால், "அது கெஞ்சுறது இல்ல சித்தப்பா, பாசம்" என்கிறார்கள். இன்னும் சிலர் அது வெறும் கேலி என்கிறார்கள். மூன்று பதிலும் உண்மைதான். ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே முகத்தை மூன்று வேலைக்கும் அனுப்புகிறார். பெறுகிறவர் பெரும்பாலும் சரியாகவே புரிந்துகொள்கிறார். எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதும், எந்த இடத்தில் அந்தப் புரிதல் அறுந்துபோகிறது என்பதும்தான் என்னை விடாமல் பிடித்திருக்கிற கேள்வி.

பலர் பதிலை அந்த முகத்துக்குள்ளேயே தேடுகிறார்கள். முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அங்கே பதில் கிடைக்காது என்பது என் கருத்து. முகம் மூன்று வேலையிலும் ஒன்றேதான். மாறுவது, அதற்கு முன்னால் இருக்கிற வாக்கியம் எதைக் கேட்கிறது என்பது. கேட்பது சின்னதாக, கொடுக்கக்கூடியதாக இருந்தால் அது மெய்யான கெஞ்சல். யாரும் கொடுக்கவே முடியாததைக் கேட்டால் கேலி. எதையுமே கேட்காவிட்டால் பாசம். இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு பகுதி இருக்கிறது. கேட்பது பெரியது, ஆனால் கொடுக்க முடியாதது என்றும் சொல்ல முடியாது. சங்கடமெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

முகத்தில் என்ன இருக்கிறது

இந்த முகம் 2018-ல், எழுத்துக்கும் எமோஜிக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தின் 11-ஆம் பதிப்போடு வந்தது. அதன் எண் U+1F97A. அதே தொகுப்பில் வந்த மற்ற முகங்களையும் நாம் தினமும் பார்க்கிறோம்: இதயங்கள் சூழ்ந்த 🥰, கொண்டாட்டத் தொப்பி போட்ட 🥳, வெயிலில் வெந்த 🥵, குளிரில் விறைத்த 🥶. யூனிகோடு பட்டியலில் இதன் முறையான பெயர் FACE WITH PLEADING EYES. கெஞ்சுவது கண்கள்தான் என்று பெயரே சொல்லிவிடுகிறது. வாய்க்கு அங்கே பெரிய வேலை இல்லை. சற்றே கீழ்நோக்கி வளைந்த சின்னக் கோடு, அவ்வளவுதான்.

கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, முகத்தின் அளவுக்கு மீறிய கண்கள், அவற்றில் வெள்ளைப் பொட்டாக விழும் ஒளி. இரண்டு, புருவங்களின் உள்முனை மேலே ஏறி, வெளிமுனை கீழே சரிந்திருப்பது. கண்ணீர்த் துளி கிடையாது. அதை வைத்தே 😢 முகத்திலிருந்து இதைப் பிரித்துவிடலாம். சின்ன எழுத்தளவில், அதுவும் வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு, கண்ணில் விழும் ஒளி கண்ணீர் போலவே தெரியும். சித்தப்பாமார்கள் "அழுமூஞ்சி" என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். 2021-ல் யூனிகோடு 14-ஆம் பதிப்போடு கண்ணீர் தளும்பி நிற்கும் 🥹 வந்து சேர்ந்த பிறகு குழப்பம் இன்னும் கூடியது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அனுப்பிக் காட்டினால்தான் பெரியவர்களுக்கு வித்தியாசம் பிடிபடும்.

பெரிய கண்ணும் ஏறிய புருவமும் ஏன் இவ்வளவு வேலை செய்கின்றன? கொன்ராட் லோரன்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1943-லேயே இதைப் பற்றி எழுதினார். பெரிய தலை, பெரிய கண், உருண்ட கன்னம் ஆகிய குழந்தை முக அடையாளங்களைப் பார்த்ததும் பெரியவர்களுக்குப் பேணிக்காக்கும் உணர்ச்சி எழுகிறது என்பது அவர் கருத்து. புருவத்தின் உள்முனையை மட்டும் தூக்குவது சோகத்தின் அடையாளம். பலரால் அதை வேண்டுமென்றே செய்துகாட்ட முடியாது. கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தால் தெரியும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்த உள்முனையைத் தூக்குகிற தசை நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களுக்கு அப்படி இல்லை என்று காட்டியது. மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து நாய்க்கு வாய்த்த முகம் அது. அதற்கு முன்பே 2013-ல் வந்த இன்னோர் ஆய்வில், காப்பகங்களில் அந்தப் புருவ அசைவை அதிகம் காட்டிய நாய்களை மக்கள் சீக்கிரம் வீட்டுக்கு அழைத்துப்போனது தெரியவந்தது. ஆக, இந்த முகம் பார்ப்பவர் மனத்தில் முதலில் எழுப்புவது "ஏதாவது செய்யணும்" என்ற ஓர் இழுப்பு. என்ன செய்யவேண்டும் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்வது வாக்கியம்தான்.

ஒரே முகம், மூன்று வேலை

முதல் வேலை மெய்யான கெஞ்சல். "அக்கா, நேத்து கிளாஸ் நோட்ஸ் அனுப்புங்களேன் 🥺". கேட்பது சின்னது. அனுப்ப ஒரு நிமிடம் போதும். அக்கா அனுப்பாவிட்டாலும் உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனாலும் கேட்பவருக்கு அது நிஜமாகவே வேண்டும். இங்கே முகம் சொல்வது, "தொந்தரவு செய்கிறேன் என்று தெரியும், தெரிந்தேதான் கேட்கிறேன்" என்பது. நேரில் கேட்கும்போது தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்திச் செய்வதைத்தான் எழுத்தில் இது செய்கிறது. "கோயில்ல இருந்து வர்றப்ப எனக்கும் கொஞ்சம் பொங்கல் எடுத்துட்டு வாங்க 🥺" என்பதும் இந்த வகை.

இரண்டாவது கேலி. "மாமா, ஒரு கார் வாங்கித் தாங்களேன் 🥺". மாமாவுக்குத் தெரியும், மருமகளுக்கும் தெரியும், கார் வரப்போவதில்லை. கேட்பதன் அளவுக்கும் குழந்தை முகத்துக்கும் பொருத்தமே இல்லை. அந்தப் பொருத்தமின்மைதான் சிரிப்பு. கேட்கிறவர் குழந்தையாக நடிக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்திருக்கும்வரை இது நன்றாக ஓடும். இதற்குச் சரியான பதில் அதே நாடகத்தைத் தொடர்வது: "கார் மட்டும் போதுமா, டிரைவர் வேண்டாமா?"

கேலிக்கு இன்னொரு வழியும் உண்டு. வாக்கியம் மிரட்டும், முகம் கெஞ்சும். "இன்னிக்கு மட்டும் லேட்டா வந்தீங்க, அவ்வளவுதான் 🥺". வாக்கியமும் முகமும் இரண்டு திசையில் இழுக்கும்போது, இரண்டில் ஒன்று நடிப்பு என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். எது நடிப்பு என்று முடிவு செய்ய உறவு தேவை. கணவன் மனைவிக்குள் இது கொஞ்சல். கடன் கொடுத்தவர் இதையே அனுப்பினால் வயிற்றைக் கலக்கும்.

மூன்றாவது பாசம். பிறந்த குழந்தையின் படத்துக்குக் கீழே வெறும் 🥺. மோல்மேனில் இருக்கும் பாட்டி பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றப் படத்தைப் பார்த்துவிட்டு "என் தங்கம் 🥺" என்று அனுப்பினால், அங்கே கேட்பது எதுவுமில்லை. மனம் உருகிவிட்டது என்பதைத்தான் சொல்கிறார். "ஏதாவது செய்யணும்" என்ற அதே இழுப்புதான் இங்கும் இருக்கிறது, ஆனால் திசை திரும்பிவிடுகிறது. கெஞ்சலில் அனுப்புகிறவர் தன்னைக் குழந்தையாக்கிக்கொள்கிறார். பாசத்தில், எதிரே இருப்பவரைப் பார்த்து உருகும் தன் முகத்தைக் காட்டுகிறார்.

முகம் தனியாக வந்தால் பெரும்பாலும் பாசம் என்றே எடுத்துக்கொள்ளலாம். பல அரட்டைச் செயலிகள் தனியாக வரும் எமோஜியைப் பெரிதாகக் காட்டுகின்றன. வாக்கியம் இல்லாத பெரிய முகத்தில் கோரிக்கை தங்க இடமில்லை. செய்திக்கு எதிர்வினையாக இதைப் போடுவதும் அப்படியே. வாட்ஸப்பில் 2022-ல் எதிர்வினை வசதி வந்தபோது முதலில் காட்டிய ஆறில் இந்த முகம் இல்லை. 👍 ❤️ 😂 😮 😢 🙏 என்ற வரிசையைத் தாண்டி, கூட்டல் குறியைத் தட்டி, தேடி எடுத்துப் போடவேண்டும். அவ்வளவு மெனக்கெட்டு ஒருவர் இதைப் போட்டிருந்தால், அவர் மனம் கனிந்துதான் போட்டிருக்கிறார்.

வினைமுற்றுக்குப் பக்கத்தில்

தமிழில் இந்த முகம் நன்றாக ஒட்டிக்கொண்டதற்கு நம் வாக்கிய அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நமக்கு வினை கடைசியில் வருகிறது. மரியாதையும் கெஞ்சலும் அந்த வினையின் வாலில்தான் தொங்குகின்றன. வா, வாங்க, வாயேன், வாங்களேன், வர முடியுமா, வந்தா நல்லாருக்கும் என்று எத்தனை படிகள்! அந்த வாலுக்கு அடுத்த இடத்தில் முகம் வந்து உட்காருகிறது. பர்மியிலும் இப்படித்தான். வினைக்குப் பின்னால் பணிவுக்கு "பா" சேர்த்து, அதற்கும் பின்னால் "நோ" என்று இழுத்தால்தான் அழைப்பு இனிக்கும். "லா பா நோ" என்றால் நம் "வாங்களேன், என்ன?" மாதிரி. இரண்டு மொழியிலும் புழங்கும் யாங்கூன் பிள்ளைகளுக்கு, வாக்கியத்தின் வாலில் ஒரு குழைவைச் சேர்ப்பது பிறந்ததிலிருந்து பழக்கம். அந்த வாலுக்கு இன்னொரு கணு முளைத்த மாதிரிதான் இந்த முகம்.

இதிலிருந்து கைக்குதவும் ஒரு கணக்கு கிடைக்கிறது. வினையின் வாலே ஏற்கெனவே குழைந்திருந்தால், முகம் அதை இரட்டிப்பாக்கும். "வாங்களேன் 🥺" என்பது ஏற்கெனவே கெஞ்சல், முகம் சேர்ந்ததும் கொஞ்சல் பக்கம் ஒரு படி சாய்ந்துவிடும். வால் விறைப்பாக இருந்தால் முகம் அதைத் தணிக்கும். "6 மணிக்குள்ள வரணும் 🥺" என்பதில் வாக்கியம் கட்டளை, முகம் அதைக் கோரிக்கையாக்குகிறது. ஆகவே அவசரமாகச் சுருக்கி எழுதும்போது ஒரே ஒரு முகம் நல்ல உதவி. நன்றாகக் குழைந்து எழுதிவிட்ட பிறகு அது தேவையில்லை. குழைந்த வாக்கியம், "ப்ளீஸ்", மூன்று முகம் எல்லாம் சேர்ந்தால், படிப்பவர் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் முகம் வந்தால் வேறு கதை. "🥺 அண்ணே" என்று மட்டும் ஒரு செய்தி வந்து, அடுத்தது வராமல் நின்றால், படிப்பவர் மனம் கெட்டதை எல்லாம் நினைக்கும். யாருக்கு என்ன ஆச்சு? ஆஸ்பத்திரியா? ஐந்து நிமிடம் கழித்து "இந்த ஆண்டு தீமிதிக்கு எனக்கும் மஞ்சள் புடவை எடுத்து வைங்க" என்று வரும். நம்மைப் போல நாட்டு நிலைமையால் நெஞ்சு ஏற்கெனவே பதறிக்கொண்டிருக்கும் குடும்பங்களில், கேட்கவேண்டியதை எழுதி முடித்துவிட்டு முகத்தைக் கடைசியில் வைப்பதுதான் கருணை.

50,000 கியாட்டும் நான்கு முகமும்

இனி அந்த நடுப்பகுதி. தட்டோனில் வீடு, யாங்கூனில் அறை எடுத்துப் படிக்கும் ஒரு தம்பி என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகைக்கு 50,000 கியாட் குறைகிறது, வெள்ளிக்கிழமைக்குள் கட்டவேண்டும். பெரியம்மா மகன் யாங்கூனிலேயே வேலையில் இருக்கிறார். அவரிடம் கேட்கக் கூச்சம். கூச்சத்தைக் குறைக்க இப்படி எழுதுகிறான்:

"அண்ணே ஒரு 50,000 கிடைக்குமா 🥺🥺🥺 வெள்ளிக்கிழமைக்குள்ள 🥺👉👈"

அண்ணன் பதில்: "நீ கேட்டா 5 லட்சமே தர்றேன்டா 😂"

தம்பி அந்தச் சிரிப்பைப் பார்க்கிறான். கேட்ட நாக்கு உள்ளே போய்விடுகிறது. "சும்மா சொன்னேண்ணே 😅" என்று முடித்துக்கொள்கிறான். அண்ணன் வேலையைப் பார்க்கப் போகிறார். வெள்ளிக்கிழமை வருகிறது, வாடகை நிற்கிறது. யாரும் யாரையும் மறுக்கவில்லை. கொடுக்கத் தயாராக இருந்தவரிடம் கேட்கத் தயாராக இருந்தவன் கேட்டும், கேட்டது போய்ச் சேரவில்லை.

எங்கே தவறியது? அண்ணனைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த தடயங்கள் எல்லாம் விளையாட்டைக் காட்டின. முகம் ஒன்றல்ல, நான்கு. முகம் பெருகப் பெருகக் கெஞ்சல் கூடும் என்று தம்பி நினைத்தான். படிப்பவருக்குக் கூடியது நடிப்புதான். அடுத்து அந்த விரல்கள். 👉👈 என்று இரண்டு சுட்டுவிரல் முனைகள் தொட்டுக்கொள்வது 2020 வாக்கில் இணையத்தில் பரவிய வெட்கச் சைகை. "ஒன்று கேட்கட்டுமா, கோவிச்சுக்க மாட்டீங்களே" என்று குழைகிற சின்னப் பிள்ளையின் பாவனை. அந்த விரல்கள் வந்ததும் செய்தி முழுவதும் நாடக மேடைக்குப் போய்விடும். மூன்றாவது, காரணம் இல்லை. எதற்குப் பணம், எப்போது திரும்பும் என்று ஒரு சொல்லும் இல்லை. நான்காவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்: போன வாரம் இதே தம்பி இதே முகத்தோடு "அண்ணே ஒரு ஐபோன்" என்று கேட்டிருந்தான். அதற்கும் 😂 தான் வந்தது, இருவரும் சிரித்தார்கள். இரண்டு பேருக்கு இடையில் ஒரு முகத்துக்குப் பழைய கணக்கு உண்டு. கேலிக்கே செலவழித்துவந்த முகத்தைத் திடீரென்று கஷ்டத்துக்கு எடுத்தால், அது கேலியாகத்தான் செல்லும்.

இந்தச் செய்தியைத் திருத்தினால் முகமே இல்லாமல் வரும்:

"அண்ணே, ஒரு உதவி. ரூம் வாடகைக்கு 50,000 குறையுது. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணும். முடிஞ்சா குடுங்க, அடுத்த மாசம் 5ஆம் தேதி திருப்பித் தந்துடுறேன். முடியலன்னா பரவாயில்ல, சொல்லிடுங்க, வேற வழி பாக்குறேன்."

இதில் தொகை, காரணம், கெடு, திருப்பும் நாள், மறுக்க வழி எல்லாம் இருக்கின்றன. எப்போதும் முகத்தோடு வருகிறவன் இன்று முகமில்லாமல் வந்திருக்கிறான் என்பதே அண்ணனுக்குப் பாதிச் செய்தி. விளையாட்டுப் பிள்ளை திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து பேசினால் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே, அந்த விளைவு.

"கடைசியில் ஒரே ஒரு முகம் வைக்கலாமா? மொட்டையாக இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கவே கூடாத இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. "முடியலன்னா பரவாயில்ல 🥺" என்ற வரியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சொற்கள் கதவைத் திறந்துவிடுகின்றன. முகம் அதே கதவில் நின்று வழி மறிக்கிறது. இல்லை என்று சொல்ல நினைக்கும் அண்ணன், அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கும். அவரிடமும் பணம் இல்லாத மாதமாக இருந்தால், அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பணம் வந்து சேர்ந்த பிறகு தம்பி அனுப்பட்டும்: "வந்துருச்சுண்ணே 🥺". இப்போது எதுவும் கேட்கவில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது என்பதை மட்டும் முகம் சொல்கிறது. இதை எந்த அண்ணனும் கேலியாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மறுக்க முடியாதவரிடம்

கீழிருந்து மேலே போகும் முகத்தைப் பற்றித்தான் இதுவரை சொன்னேன். மேலிருந்து கீழே வருவதும் உண்டு. அம்மா "சாப்ட்டியா 🥺" என்று அனுப்புவது பாசம், அதில் சிக்கல் இல்லை. கடை முதலாளி வேலை செய்யும் பெண்ணுக்கு "ஞாயித்துக்கிழமையும் வந்துருமா 🥺" என்று அனுப்புவது வேறு. அந்தப் பெண்ணால் மறுக்க முடியாது, அது முதலாளிக்கும் தெரியும். கட்டளையாக எழுதியிருந்தால் கூடுதல் கூலி பற்றியாவது பேசியிருக்கலாம். கெஞ்சல் வடிவில் வந்ததால், கூலி பேசினால் கல்நெஞ்சக்காரி ஆகிவிடுவாள். அதிகாரம் கையில் இருப்பவர் இந்த முகத்தை வேலைக்கு அனுப்பக் கூடாது. கூலியையும் நேரத்தையும் எழுதட்டும், அந்தப் பெண் யோசித்துப் பதில் சொல்வாள்.

முன்பின் தெரியாதவரிடமிருந்தோ, தெரிந்தவர் கணக்கிலிருந்து திடீரென்றோ இந்த முகத்தோடு பணம் கேட்டு வந்தால், வேறு விதமாகப் பார்க்கவேண்டும். களவாடப்பட்ட கணக்குகளிலிருந்து உறவினர்களுக்குப் பணம் கேட்டு எழுதுவது நம் ஊரிலும் நடக்கிறது. கள்ளனுக்கு அந்த இரண்டு பேருக்கு நடுவே உள்ள பழைய கணக்கு தெரியாது. உங்கள் அத்தை எப்போதும் 🙏 போடுகிறவர், இன்று 🥺 போட்டுப் பணம் கேட்கிறார் என்றால், ஏதோ சரியில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடாமல், உறவு முறை இல்லாமல் "ஹாய்" என்று தொடங்கினால் இன்னும் சந்தேகம். எழுத்தில் பதில் போடாமல் அத்தையின் பழைய எண்ணுக்கு ஒரு அழைப்பு போட்டுக் குரலைக் கேட்டுவிட்டால் போதும்.

போனில் என்ன ஆகிறது

நம் ஊர் போன்களில் எழுத்துகள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறும்வரை ஒருவர் ஜோஜி என்ற பழைய எழுத்துருவில் எழுதிய பர்மியச் செய்தி இன்னொருவர் போனில் எழுத்துக் குப்பையாக வந்து விழும். அந்தக் காலத்திலும் எமோஜி மட்டும் சிதையாமல் வந்தது. ஜோஜி குழப்பியது பர்மிய எழுத்துகளுக்கான எண்களை மட்டும்தான். முகங்களின் எண்கள் வேறு இடத்தில் இருந்தன. வாக்கியம் புரியாமல் முகம் மட்டும் புரிந்த செய்திகள் அன்று பல போயிருக்கும். ஏதோ கேட்கிறார்கள் என்று தெரியும், என்ன என்று தெரியாது.

இப்போது நிலைமை தலைகீழ். பழைய போனில் எழுத்து வருகிறது, முகம் வருவதில்லை. 2018-க்கு முந்தைய மென்பொருளோடு நிற்கும் போனில் சாதாரண குறுஞ்செய்தியாக இந்த முகம் வந்தால் வெறும் கட்டமாகத் தெரியலாம். வாட்ஸப் ஆண்ட்ராய்டு போன்களில் தன் சொந்தப் படங்களையே பயன்படுத்துவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. "6 மணிக்குள்ள வரணும் 🥺" என்று விறைப்பான வாக்கியத்தை முகத்தை நம்பி அனுப்பினால், பழைய போனில் பெரியப்பா படிப்பது வெறும் கட்டளை. வயதானவர்களுக்கு எழுதும்போது குழைவு முழுவதையும் வினையின் வாலிலேயே வைத்துவிடுவது பாதுகாப்பு.

இணையம் அறுந்து குறுஞ்செய்திக்குத் திரும்பும் நாட்களுக்கு இன்னொரு செய்தி. நம்மில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறோம். அப்படித் தட்டினால் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து போகும். அதில் ஒரே ஒரு 🥺 சேர்த்துவிட்டால் முழுச் செய்தியும் வேறு குறியீட்டுக்கு மாறி, எல்லை 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த முகமே இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நூறு எழுத்தில் எழுதிய செய்தி இரண்டாகப் பிரிந்து, இரண்டு செய்திக்கான கட்டணம் போகும். தமிழ் எழுத்திலோ பர்மிய எழுத்திலோ எழுதினால் எல்லை ஏற்கெனவே 70 தான், முகம் சேர்ப்பதால் அது மேலும் சுருங்காது.

விரல்களைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. வலப்பக்கம் காட்டுவது முதலில், இடப்பக்கம் காட்டுவது அடுத்து: 👉👈. மாற்றிப் போட்டால் 👈👉 என்று விரல்கள் இரண்டு பக்கமும் பிரிந்து வழி காட்டும், வெட்கம் போய்விடும். விரல்களுக்குத் தோல் நிறம் மாற்றலாம், முகத்துக்கு மாற்ற முடியாது. 🥺👉🏾👈🏾 என்று வந்தால் மஞ்சள் முகமும் மாநிற விரலுமாகத் தெரியும். சிலருக்கு அது உறுத்துகிறது. உறுத்தினால் விரலையும் மஞ்சளாகவே விட்டுவிடலாம்.

பதில் போடும்போது

பெறுகிறவர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. 😂 போடுவதற்கு முன்னால், கேட்கப்பட்டது என்ன என்று ஒரு நொடி பார்க்கவேண்டும். காராக இருந்தால் சிரிக்கலாம். குறிப்பிட்ட தொகையும் குறிப்பிட்ட நாளும் சேர்ந்து வந்திருந்தால், சுற்றிலும் எத்தனை முகம் இருந்தாலும் அது கேலியாக இருக்க வாய்ப்புக் குறைவு. கேலிக்கு யாரும் வெள்ளிக்கிழமை என்று கெடு வைப்பதில்லை. அந்த அண்ணன் "5 லட்சமே தர்றேன்டா" என்பதற்குப் பதில் "எதுக்குடா? வெள்ளிக்கிழமை என்ன?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். கேலியாக இருந்தால் தம்பி சிரித்துவிட்டுப் போவான். மெய்யாக இருந்தால் அவன் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கும்.

"சும்மா சொன்னேன்" என்று திரும்பி வந்தாலும் உடனே விட்டுவிட வேண்டாம். கூச்சப்பட்டவர்கள் பின்வாங்கும்போது சொல்வதும் அதேதான். அன்று மாலையே தம்பிக்கு ஒரு அழைப்பு போட்டு, சாப்பாடு, படிப்பு என்று நாலு வார்த்தை பேசிவிட்டு, வாடகை கட்டியாச்சா என்று நேராகவே கேட்டுவிடலாம்.